சோஃபாவில் ஒரு மங்கல்

நாற்பத்தெட்டு வயதில் நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அந்த ஸ்டுடியோவில் எனக்கு வைத்த பேர் புதுப்பொண்ணு. நரைத்த தலையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எந்த பட்டனை அழுத்துவது என்று முழித்துக்கொண்டிருந்தால் வேறென்ன பேர் வைப்பார்கள்? எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவளுக்குப் பேர் குருவி. என் மகளை விடச் சின்னவள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள், கை மட்டும் வேலையில் பிசகாது.

படங்களில் இருக்கிற தழும்பு, பரு, கீறல், கறை எல்லாவற்றையும் எடுப்பதுதான் எங்கள் வேலை. அதற்கு ஹீலிங் பிரஷ் என்று ஒன்று இருக்கிறது. நல்ல தோல் இருக்கிற இடத்தைக் காட்டி, பரு இருக்கிற இடத்தில் தேய்த்தால், பரு மறைந்து அங்கே நல்ல தோல் வந்துவிடும். முதல்முறை அதைச் செய்தபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் பாத்திரம் தேய்த்த கை, இப்போது முகம் தேய்க்கிறது.

அன்றைக்குக் காலையில் பட்டமளிப்பு விழா அங்கி போட்ட ஒரு பையனுடைய படம் என்னிடம் வந்தது. கன்னம் நிறைய பரு. ஒன்று விடாமல் எடுத்து முடித்துவிட்டுப் பெருமையாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தேன். பரு இல்லைதான். ஆனால் பரு இருந்த இடமெல்லாம் யாரோ வெண்ணெய் தடவிவிட்ட மாதிரி இருந்தது. சுற்றிலும் தோலில் துளை துளையாக, மெல்லிய முடியோடு உயிர் இருக்கிறது. நான் தொட்ட இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

"குருவி, நான் சரி பண்ண இடம் மட்டும் ஏன் இப்படி மங்கலா இருக்கு? பக்கத்துல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

அவள் நாற்காலியோடு உருண்டு வந்து என் திரையைப் பார்த்தாள்.

"என்னக்கா இது, பையனுக்கு அம்மை போட்டு இறங்கின மாதிரி இருக்கு?"

"கிண்டல் அப்புறம் பண்ணு. காரணம் சொல்லு."

"பிரஷ் எவ்வளவு மெத்துனு வச்சிருக்க பாரு. ஓரம் பூரா பஞ்சு. பஞ்சு ஓரத்துல என்ன ஆகும்னா, பழைய தோல் பாதி, புதுத் தோல் பாதி கலந்து விழும். ரெண்டு துளையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கரைஞ்சு போயிடும். அப்புறம் நீ ஒரே இடத்தை எத்தனை தடவை தேய்ச்ச?"

"சரியா வர்ற வரைக்கும்."

"அதான். தேய்ச்ச இடத்துல இருந்தே எடுத்து மறுபடி தேய்ச்சிருக்க. நகலுக்கு நகல், அதுக்கும் நகல். தோசைக்கரண்டியால முகத்தைத் தேய்ச்சா இப்படித்தான் இருக்கும். எங்கேருந்து எடுத்த?"

"கழுத்துலேருந்து. அங்கதான் ஒரு பருவும் இல்ல."

"கழுத்து ஃபோகஸ்லயே இல்லக்கா! கேமரா பார்த்தது கண்ணைத்தான். கழுத்து கொஞ்சம் பின்னால போயிடுச்சு. இந்த பிரஷ் நிறத்தையும் வெளிச்சத்தையும் நீ தேய்க்கிற இடத்துல இருந்து எடுத்துக்கும். ஆனா துளை, முடி, சொரசொரப்பு எல்லாம் நீ காட்டின இடத்துல இருந்துதான் வரும். அங்க இல்லாததை இங்க எப்படிக் கொண்டு வரும்?"

நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகளிடம் ஒரு சந்தேகம் கேட்டால் 'போம்மா' என்பாள்.

குருவி நான் செய்ததை எல்லாம் அழித்தாள். மங்கின இடத்தை மேலே மேலே தேய்த்துச் சரி பண்ண முடியாது, முதலிலிருந்துதான் வர வேண்டும் என்றாள். படத்தின் மேல் கண்ணாடித்தாள் விரித்த மாதிரி தனியாக ஒரு லேயர் போட்டாள், தப்பானால் அதை மட்டும் தூக்கிப் போடலாம். பிரஷ்ஷின் ஓரத்தைக் கெட்டியாக்கினாள். பருவை விட ஒரு மயிரிழை பெரிதாக அளவு வைத்தாள். பருவுக்குப் பக்கத்திலேயே, அதே வெளிச்சம் விழுகிற தோலைக் காட்டி, ஒரே ஒரு தட்டு. அடுத்த பருவுக்கு வேறு இடத்திலிருந்து. எல்லாவற்றையும் முழு அளவில் வைத்துப் பார்த்தே செய்தாள்.

"இப்பப் பாரு."

பரு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"இதுக்கு மேலயும் மங்கலா தெரிஞ்சா, மேல ஒரு லேயர் போட்டு நாய்ஸ் தூவலாம். படம் பூரா ஒரு பொடி இருக்கும்க்கா, மணல் தூவின மாதிரி. இருட்டுல எடுத்த படத்துல நிறையவே இருக்கும். ஒரு கேமரால எடுத்த ஒரு படத்துல அது எல்லா இடத்துலயும் இருக்கணும். எங்க இல்லையோ அங்க யாரோ கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவளுக்குக் கை சும்மா இருக்குமா? மத்தியானம் சாப்பிட்ட கையோடு எனக்கென்று வைத்திருந்த ஒரு வேலையை எடுத்தேன். மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. அவளே பார்த்த பையன்தான். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டித் தருகிற கடை வைத்திருக்கிறார். நாலைந்து தடவை வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். அந்த ஒரு காரியத்துக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று. பெற்றவர்கள் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் வீட்டுக்குப் போக எனக்கு ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. மகள் படத்தையும் அவர் படத்தையும் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டிக் கூடத்தில் வைக்கலாம் என்று எனக்கு ஆசை.

மகளிடம் அவர் படத்தைக் கேட்டபோது இப்போது என்ன அவசரம் என்றாள். விடாமல் கேட்டேன். "போட்டோவா அனுப்பாத, சுருங்கிப் போயிடும், டாக்குமெண்ட்டா அனுப்பு" என்று என் புது அறிவையும் காட்டினேன். இரண்டு நாள் இழுத்தடித்து அனுப்பினாள்.

படத்தைத் திறந்தேன். வீட்டுக்குள் சாயந்தர வேளையில் எடுத்தது. ஒரு பெரிய சோஃபாவின் ஒரு கோடியில் மாப்பிள்ளை உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். மற்ற பாதி காலி. பெரிதாக்கினேன். வெளிச்சம் குறைவு என்பதால் படம் முழுக்கப் பொடி. அவர் நெற்றியில், சட்டையில், பின்சுவரில் எல்லாம் மணல் தூவின மாதிரி.

சோஃபாவின் காலிப் பாதியில் மட்டும் பொடி இல்லை.

முதலில் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். சோஃபாத் துணி கெட்டியான நெசவு. குறுக்கும் நெடுக்கும் நூல் தெரிகிறது. அவர் பக்கத்தில் வந்ததும் அந்த நூல் உருகிக் கஞ்சியாகி, அந்தப் பக்கம் போய் மறுபடி நூலாகிறது. அவர் போட்டிருந்தது கட்டம் போட்ட சட்டை. தோள்பட்டையில் ஓரிடத்தில் கட்டம் வளைந்து கோணலாக ஓடியது.

"குருவி, இங்க வா."

"இன்னும் பரு போகலையா?"

"வாடி."

என் குரலில் என்ன இருந்ததோ, அவள் கிண்டல் பண்ணாமல் வந்தாள். பார்த்தாள். குருவி பேசாமல் இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு மவுஸை என் கையிலிருந்து வாங்கி, படத்தில் கருப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கன்னாபின்னாவென்று ஏற்றினாள். மாப்பிள்ளை முகம் பேய் மாதிரி ஆனது. சுவரும் சோஃபாவும் கொதிக்கிற ரவை மாதிரிப் பொரிந்தன. அதன் நடுவில் வழவழப்பாக ஓர் உருவம் எழும்பி வந்தது. மேலே உருண்டையாகச் சின்னத் தலை. கீழே சின்னத் தோள். அவர் தோள் வரைக்கும் நீண்ட சின்னக் கை.

நான் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்தேன்.

"குழந்தைக்கா," என்றாள் குருவி மெல்ல. "போன்ல விரலால தேய்ச்சு அழிக்கிற ஆப்புல பண்ணியிருக்காங்க. கீழ பாரு, சோஃபால நிழல் இன்னும் இருக்கு. அதை எடுக்க மறந்துட்டாங்க."

இருந்தது. சோஃபா விளிம்பில், எதன் நிழல் என்றே தெரியாத ஒரு சின்ன நிழல்.

இப்போது நினைத்தால், அந்த நேரம் நான் யோசித்த ஒவ்வொன்றும் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. இந்த ஆள் என் பெண்ணை ஏமாற்றுகிறான் என்றுதான் முதலில் தோன்றியது. பெண்டாட்டி எங்கேயோ உயிரோடு இருக்கிறாள், குழந்தையை மறைத்துவிட்டு டம்ளர் கழுவுகிறான் என்று தோன்றியது. மகளுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. வேலை நேரம். மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவதாக நேராக அவருக்கே போட்டுவிட்டேன்.

"சொல்லுங்க அத்தை," என்றார். பின்னால் கண்ணாடி உரசுகிற மெஷின் சத்தம்.

"மாப்பிள்ளை, நீங்க சோஃபால உட்கார்ந்திருக்கிற ஒரு போட்டோ. கட்டம் போட்ட சட்டை. அதுல உங்க பக்கத்துல இருக்கிறது யாரு?"

பதறுவார், உளறுவார், போனை வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அதுவா? பாப்பாதான் அத்தை," என்றார் சாதாரணமாக. "நல்லா வந்திருக்கால்ல? வேற எந்தப் போட்டோவுலயும் சும்மா உட்கார மாட்டா."

"பாப்பாவா?"

"என் பொண்ணுதான்." மெஷின் சத்தம் நின்றது. "அத்தை?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அத்தை, உங்களுக்கு... உங்க பொண்ணு உங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்னு சொன்னாளே. முதல் தடவை உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்னாளே. என் வீட்டுக்காரி தவறினது, பாப்பா என்கூட இருக்கிறது, எல்லாம். நீங்க யோசிச்சு சரின்னு சொன்னதா சொன்னா. நீங்க பெரிய மனசுக்காரங்கன்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் எந்த ஸ்டுடியோ என்று கேட்டார். சொன்னேன். வருகிறேன் என்றார்.

வந்தார். சட்டைக் கையில் கண்ணாடித் தூள் மினுமினுத்தது. குருவி அவருக்கு ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டாள். அவர் உட்காரவில்லை. திரையில் மகள் அனுப்பின படம், கருப்பு வெளுப்பு ஏற்றாமல், இருந்தது இருந்தபடி.

"இது நான் அனுப்பின படம் இல்ல," என்றார்.

தன் போனை எடுத்து அதே படத்தைத் திறந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே சோஃபா, அதே சட்டை, அதே சிரிப்பு. பக்கத்தில் ஆறு வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை. காலை மடக்கி உட்கார்ந்து, அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு, முன்பல் இல்லாமல் சிரிக்கிறது. முகவாயில் காய்ந்த புண் ஒன்று.

அவர் போனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். யார் அழித்தார்கள் என்பது அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது. அந்தப் படத்தை அவர் அனுப்பினது ஒரே ஒருத்திக்கு. அவளிடமிருந்துதான் எனக்கு வந்தது.

"எவ்வளவு சுத்தமா எடுத்துட்டா," என்றார்.

"சுத்தமா இல்ல சார், மங்கலாத்தான்..." என்று ஆரம்பித்த குருவி, நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

நான் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டுமா, சண்டை போட வேண்டுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்த ஆளை ஊரைக் கூட்டி அடிக்க நினைத்தவள் நான். இப்போது என் வீட்டுப் பெண் செய்த காரியத்துக்கு அவர் முன்னால் தலை குனிந்து நிற்கிறேன்.

"எனக்குக் கொஞ்சம் யோசிக்கணும் அத்தை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்தரம் மகள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"குழந்தையை நீதான் அழிச்சியா?"

அவள் கழற்றப் போன செருப்பிலிருந்து கையை எடுத்தாள். இல்லை என்று சொல்வாள் என்று கடைசி வரை ஒரு நப்பாசை எனக்கு. சொல்லவில்லை.

"நீ அவரை முதல்ல மனுஷனா பாக்கணும்னு நினைச்சேன்மா. ரெண்டாம் தாரம், குழந்தை இருக்குன்னு முதல்லயே சொன்னா, நீ அவர் மூஞ்சியைக்கூடப் பார்த்திருக்க மாட்ட. நீ நல்லாப் பழகின பிறகு சொல்லலாம்னு. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போயிடுச்சு. நீ போட்டோ கேட்டு உயிரை எடுத்த. அவர் தனியா இருக்கிற படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல. எல்லாத்துலயும் பாப்பா இருக்கு."

"எல்லாத்துலயும் இருக்குன்னு உனக்கே தெரியுதுல்ல? அப்புறம் எப்படிடி கை வந்துச்சு?"

"போட்டோதானேம்மா!"

"அவர் பார்த்துட்டாரு."

செருப்பு காலிலிருக்க அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைத் திட்டவில்லை. அவள் சொன்னது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? எத்தனை தடவை யோசித்தாலும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

இரவெல்லாம் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. மறுநாள் அவளே அவர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அவள் அழுது முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னதை அவள் வந்து என்னிடம் சொன்னாள். அவர் மனைவி இறந்த வாரமே, அவர் நன்மைக்கென்று சொந்தக்காரர்கள் வந்து அவள் துணி, சீப்பு, செருப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டார்களாம். சாயந்தரம் கடையிலிருந்து வந்து பார்த்தால், அப்படி ஒருத்தி அந்த வீட்டில் இருந்த அடையாளமே இல்லையாம். "என் நல்லதுக்குன்னு என் வீட்டுல இருந்து ஆளை எடுக்கிறவங்க யாரும் எனக்கு வேண்டாம்," என்றாராம். கோபப்படவே இல்லையாம். அதைச் சொல்லும்போதுதான் என் மகள் உடைந்து போனாள்.

கல்யாணம் நின்றுபோயிற்று.

என் மகள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். நான் ஸ்டுடியோவுக்குப் போகிறேன். குருவி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவர் எங்கள் ஸ்டுடியோவுக்குள் வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். எதற்காக எழுந்தேன் என்று தெரியவில்லை. கையில் போன். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட வேண்டும், வேறு கடையில் கொடுக்க மனசு வரவில்லை என்றார். என்னைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா?" என்றார். அத்தை என்று சொல்லவில்லை.

குருவி படத்தைத் திறந்தாள். வழக்கமான பழக்கத்தில், குழந்தையின் முகவாயைக் காட்டி, "இந்தப் புண்ணை எடுத்துடட்டுமா சார்? எடுத்ததே தெரியாது," என்று கேட்டுவிட்டாள்.

"வேண்டாம்!"

ஸ்டுடியோவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரே பயந்துபோன மாதிரி குரலைத் தாழ்த்தி, "ஒண்ணையும் தொடாதீங்க. இருக்கிறபடியே போடுங்க," என்றார்.

அவர் காலுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அதுவரை நான் கவனிக்கவில்லை. முகவாயில் புண் ஆறி வெளுப்பாக ஒரு கோடு. முன்பல் பாதி முளைத்திருந்தது. குழந்தை திரையில் தன்னைப் பார்த்துவிட்டு, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்து நின்றது.

"நீங்க யாரு?"

அவ்வளவுதான் கேட்டது. எல்லாம் நடந்திருந்தால் நான் அதற்குப் பாட்டி. நடக்கவில்லை. யாரோ ஒரு அத்தை என்று சொல்லலாமா, ஆன்ட்டி என்று சொல்லலாமா? எந்த முறையும் எனக்கு ஒட்டவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்கும் பயம் என்று தெரிந்தது.

"உங்க போட்டோவைப் பெருசா போட்டுத் தர்றவங்க," என்றேன்.

"பெருசான்னா எவ்ளோ பெருசு?"

நான் கையை விரித்துக் காட்டினேன். போதாது என்று தலையாட்டியது குழந்தை. இன்னும் விரித்தேன்.